உப்பை யார் போடுவது?

2022 ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் ஒருநாள் எங்கள் வீட்டுக் கஞ்சி உப்புக் கரித்தது. மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் கோப்பையை வாயில் வைத்த எல்லோருக்கும் அது தெரிந்தது. ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாப்பா தண்ணீர் குடித்தார். தம்பி மாத்திரம் முகத்தைச் சுளித்தான். வாப்பும்மா தமது கோப்பையைக் கடைசிச் சொட்டு வரை குடித்து வைத்தார். உம்மாவும் அப்படியே செய்தார்.

எனக்கு அப்போது 14 வயது. அந்தக் கஞ்சி ஏன் கரித்தது என்பது எனக்கு விளங்கச் சில நாட்கள் எடுத்தன. காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னால், இரண்டு பேர் உப்புப் போட்டிருந்தார்கள். ஏன் இரண்டு பேர் போட்டார்கள் என்று கேட்டால்தான் விடயம் நீளும். மாமி மருமகள் பிணக்கு என்றதும் நாடகங்களில் வரும் கூச்சலும் அழுகையுமே நமக்கு நினைவுக்கு வருகின்றன. உண்மையான குசினிகளில் அது பெரும்பாலும் சத்தமில்லாமல், தேங்காய் திருவுவதிலும் கோப்பை கழுவுவதிலும்தான் நடக்கிறது. அதை எப்படி வாசிப்பது என்பதை, நான் கண்ணால் கண்ட ஒரு குசினியை வைத்தே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டியைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் காணி சிறியது, அதுவும் சரிவானது. மகன் கல்யாணம் முடித்தால் பக்கத்தில் இன்னொரு வீடு கட்ட இடமிருக்காது. ஆகவே இருக்கிற வீட்டின் மேலேயே இன்னொரு தட்டு எழும்பும். எங்கள் வீடும் அப்படித்தான். கீழே வாப்பும்மாவும் சாச்சாவின் குடும்பமும். மேலே நாங்கள். கீழே ஒரு குசினி, மேலே ஒரு குசினி. இரண்டிலும் தனித்தனிக் கேஸ் அடுப்பு.

குடிசன மதிப்பீட்டில் ஒரு குடித்தனத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்த்தால் இது நன்றாக விளங்கும். ஒரே கூரையின் கீழ் இருப்பது போதாது. உணவுக்குப் பொதுவான ஏற்பாட்டுடன் சேர்ந்து வாழ்பவர்களையே ஒரு குடித்தனமாகக் கணக்கெடுக்கிறார்கள். அந்தக் கணக்கின்படி எங்களுடையது ஒரு வீடு, இரண்டு குடித்தனம். உம்மா கீழே போனால் விருந்தாளி. வாப்பும்மா மேலே வந்தால் விருந்தாளி. கறியில் ஒன்று குறைந்தாலும் விருந்தாளி குறை சொல்வதில்லை. பன்னிரண்டு வருடங்கள் இப்படியே நல்லபடியாகப் போயின.

2022 இல் கேஸ் கிடைக்காமற் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். வெறும் சிலிண்டர்களுடன் மனிதர்கள் வரிசையில் நின்ற காலம் அது. மின்சாரமும் மணிக்கணக்கில் இல்லாததால் கிரைண்டரையோ ரைஸ் குக்கரையோ நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டில் விறகு எரிக்கக்கூடிய அடுப்பு ஒன்றுதான் இருந்தது. அது கீழ்வீட்டுப் பின்பக்கப் பத்தியில். அந்த வருடம் ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பு வந்தபோது, இரண்டு குடித்தனங்களும் அந்த ஒரே அடுப்பில் சேர்ந்தன. சாச்சி வேலைக்குப் போய் நோன்பு திறக்கும் நேரத்தில்தான் வருவார் என்பதால், அடுப்படியில் மிஞ்சியவர்கள் உம்மாவும் வாப்பும்மாவும்.

இனிக் கஞ்சிக்கு வருவோம். ஒன்பது பேருக்கு எங்கள் வீட்டில் இரண்டு தேநீர்க் கோப்பை அரிசி போடுவார்கள். அரிசியைக் கழுவி, ஒரு தேக்கரண்டி வெந்தயத்துடன் ஊறவைத்து, அதைப்போல் எட்டு மடங்கு தண்ணீரில் உள்ளி, இஞ்சி, றம்பை, கறுவாத்துண்டு, கால் கிலோ இறைச்சியுடன் வேகவைப்பது. அரிசி குழைந்ததும் அகப்பையால் மசித்து, முதலில் தேங்காயின் இரண்டாம் பாலையும் கடைசியில் முதற்பாலையும் விட வேண்டும். முதற்பால் விட்டபின் கொதிக்க விட்டால் அது திரிந்து எண்ணெய் வேறாக மிதக்கும். ஆகவே ஆவி எழும்பும்போதே இறக்கிவிட வேண்டும். தண்ணீர் எவ்வளவு வற்றும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் உப்பையும் கடைசியிலேயே போடுவார்கள்.

இந்த வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். தேங்காய் திருவுவது, பால் பிழிவது, அரிசி கழுவுவது, அடுப்பூதுவது, சட்டி தேய்ப்பது ஆகியவை உழைப்பு. எத்தனை கோப்பை அரிசி, எவ்வளவு வெந்தயம், எப்போது இறக்குவது, எவ்வளவு உப்பு என்பவை முடிவு. உழைப்பு கையையும் இடுப்பையும் நோகவைக்கும். முடிவுக்கு அரை நிமிடம் போதும். ஆனால் அந்தக் கஞ்சி யாருடைய கஞ்சி என்பதைத் தீர்மானிப்பது அந்த அரை நிமிடந்தான். சாப்பிட்டவர் “நல்லா ஈக்கி” என்று சொன்னால் அந்தப் பாராட்டும் உப்புப் போட்டவருக்கே போகும். திருவலையில் உட்கார்ந்திருந்தவருக்குப் போகாது.

எங்கள் பத்தியில் முதல் நாளே வேலை தானாகப் பிரிந்தது. உழைப்பு எல்லாம் உம்மாவிடம் வந்தது. முடிவு எல்லாம் வாப்பும்மாவிடம் நின்றது. வெளியே இருந்து பார்த்தால் இதில் அநியாயம் எதுவும் தெரியாது. வயதானவர் குனிந்து நிமிராமல் இருக்கட்டும், இளையவர் செய்யட்டும் என்பது நல்ல பழக்கந்தானே! வாப்பும்மாவும் எதையும் தடுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வருடம் தன் குசினியில் தானே அரிசி அளந்த ஒருவர், இப்போது அடுத்தவர் அளந்து தரும் அரிசியை இரண்டு கையாலும் வாங்கிக் கழுவுகிறார். அந்த அடுப்படியில் வாப்பும்மாவுக்கு எதுவும் மாறவில்லை. உம்மாவுக்கு எல்லாமே மாறியிருந்தது. இருவருமே அதைச் சொல்லவில்லை.

சொல்லாதவை எந்த வழியாக வெளியே வந்தன என்பதைச் சொல்கிறேன். முதல் வழி நான்தான். “மகள், உம்மாட்ட செல்லுங்க, தேங்காய் ரெண்டுதான் ஈக்கி” என்று வாப்பும்மா சொல்வார். உம்மா மூன்றடி தூரத்தில் தேங்காய் திருவிக்கொண்டிருப்பார். அவருக்கு நன்றாகக் கேட்கும். அப்படியிருந்தும் அந்தச் செய்தி என் வழியாகத்தான் போக வேண்டும். நேரே சொன்னால் அது குற்றச்சாட்டு. பிள்ளை வழியாகப் போனால் வெறும் தகவல்.

இரண்டாவது வழி, நமது மொழி தருகிற ஒரு வசதி. தமிழில் செய்தவர் யார் என்று சொல்லாமலே ஒரு வசனத்தை முடித்துவிடலாம். “மூடி திறந்து கிடக்கு”, “அடுப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு”, “வெந்தயம் போட்டாச்சா?” இவற்றில் யார் திறந்தது, யார் கூட்டியது, யார் போடவேண்டியது என்று எதுவும் இல்லை. கேட்பவர் தன் பெயரைத் தானே அதில் போட்டுக்கொள்வார். பரீட்சையில் எழுவாயைக் கண்டுபிடி என்று கேட்கிறார்களே, அந்த வினா குசினியில் தினமும் நடக்கிறது.

மூன்றாவது வழி, செய்த வேலையைத் திரும்பச் செய்வது. உம்மா கழுவிக் கவிழ்த்த கோப்பைகளை வாப்பும்மா மறுபடி ஒரு தண்ணீரில் அலசுவார். இதைப் பார்த்து நான் கோபப்பட்டதுண்டு. ஆனால் திரும்பச் செய்வதெல்லாம் குத்திக்காட்டுவது அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதை அறிய ஓர் எளிய வழி உண்டு. அவர் தன் சொந்த மகளின் வேலையையும் அப்படித்தான் திரும்பச் செய்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமி, அதாவது வாப்பாவின் சகோதரி, நோன்பு திறக்க வந்து கோப்பை கழுவினார். வாப்பும்மா அவற்றையும் அலசினார். தான் கழுவியதையும் அலசினார். ஆகவே அது பழக்கம். ஆனால் உம்மா மூடிய சட்டியின் மூடியை மட்டும் திறந்து பார்த்து மூடுவார். மாமி மூடிய சட்டியைத் திறக்கமாட்டார். அது பழக்கமல்ல, செய்தி.

உம்மாவும் சும்மா இருக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவருடைய மறுமொழி, மிதமிஞ்சிய கீழ்ப்படிவாக இருந்தது. எட்டாம் ஒன்பதாம் நோன்பளவில் அவர் எதையும் தானாகச் செய்வதை நிறுத்தினார். அரிசி வெந்து நின்றாலும், சொல்லும்வரை மசிக்கமாட்டார். பன்னிரண்டு வருடம் கஞ்சி காய்ச்சியவருக்கு அரிசி வெந்தது தெரியாதா? வாப்பும்மாவுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும்.

கஞ்சி கரித்தது இதற்கு அடுத்த நாட்களில்தான். அன்று அஸருக்குப் பிறகு முதற்பால் விடும் நேரம். வாப்பும்மா உப்பைப் போட்டுவிட்டு உள்ளே போனார். மேலே துணி எடுக்கப் போயிருந்த உம்மா திரும்பி வந்தபோது பத்தியில் ஆளில்லை. சட்டியில் ஆவி எழும்பியிருந்தது. இறக்காவிட்டால் பால் திரிந்துவிடும். மாமி தொழப் போயிருப்பார், உப்பு இன்னும் போட்டிருக்கமாட்டார் என்று நினைத்து, ஒரு கை போட்டு இறக்கிவிட்டார். மஞ்சள் கூடினால் நிறம் காட்டிக்கொடுக்கும். உப்பு கரைந்தபின் அதற்கு எந்த அடையாளமும் இல்லை. மற்ற நாட்களில் அகப்பையை வாயில் வைத்துப் பார்த்தால் முடிந்தது. நோன்பில் தேவைக்கு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று உலமாக்கள் சொல்வார்கள். ஆயினும் எங்கள் வீட்டில் இருவருமே பேணுதலுக்காக அதைச் செய்வதில்லை. எல்லாம் கைக்கணக்குத்தான். அந்தச் சட்டிக்கு ஐந்து தேக்கரண்டி அளவு உப்புப் போதும். அன்று விழுந்தது அதைப்போல் இரண்டு மடங்கு.

“உப்புப் போட்டீங்களா மாமி?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கஞ்சி தப்பியிருக்கும். அறை வாசல் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அந்தக் கேள்வி மிகவும் பாரமாகிவிட்டிருந்தது. கேட்டால், உப்புப் போடக்கூட அனுமதி கேட்கிறேன் என்று உம்மாவின் காதில் விழும். நான் மறந்திருப்பேன் என்று சந்தேகிக்கிறாள் என்று மாமியின் காதில் விழும். ஆகவே கஞ்சி கரித்தது கவனக்குறைவினால் அல்ல. இருவரும் ஒருவரையொருவர் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. இரண்டு பேர் சமைக்கும் வீட்டில் கறி ஒருநாள் கரிப்பதும் மறுநாள் சப்பென்று இருப்பதுமாக மாறிமாறி வந்தால், கைப்பக்குவத்தைக் குறை சொல்வதற்கு முன் இதைக் கவனிக்கலாம்.

எழுத்தாளர் அம்பையின் “வீட்டின் மூலையில் ஒரு சமையலறை” என்ற சிறுகதையை நான் பிற்பாடுதான் வாசித்தேன். அதே பெயரில் அவருடைய தொகுதி 1988 இல் வெளிவந்தது. ராஜஸ்தானின் ஒரு பெரிய கூட்டுக்குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மீனாட்சி, நெருக்கடியான சமையலறைக்கு வெளியே உள்ள தாழ்வாரத்தை அகலப்படுத்தலாம் என்று ஒரு யோசனை சொல்கிறாள். பெரிய சண்டை எதுவும் வரவில்லை. பிறகு அந்தத் தாழ்வாரத்தில் துணி காயப்போடக் கொடிகள் கட்டப்படுகின்றன. காயும் துணிகள், வெளியே தெரிந்த மலைகளை மறைத்துவிடுகின்றன. மறுமொழி அவ்வளவுதான். அதைக் கொடுத்தவர் மாமியார் அல்ல, வீட்டின் பெரியவரான மாமனார். அந்த இடத்தை வாசித்தபோது எனக்கு எங்கள் பத்தி ஞாபகம் வந்தது. எங்கள் கதையில் ஆண்கள் எங்கே என்றும் அப்போதுதான் யோசித்தேன். கரித்த கஞ்சியைக் குடித்த நான்கு ஆண்களில் ஒருவரும், அந்த மாதம் அடுப்புப் பக்கம் வந்ததில்லை. இரண்டு பெண்கள் ஓர் உப்புச் சட்டிக்காக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தது, வீட்டில் அவர்கள் கையில் இருந்த அதிகாரம் அந்த ஒன்றுதான் என்பதாலும் இருக்கலாம்.

துருக்கியைச் சேர்ந்த சமூகவியலாளர் டெனிஸ் கண்டியோட்டி 1988 இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார். மணமகள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் வாழும் சமூகங்களில், இளம் மருமகள் கஷ்டங்களைப் பொறுத்துக்கொள்வது ஒரு பேரம் போன்றது என்கிறார் அவர். இன்று அடங்கி நடப்பவளுக்கு, மகன் வளர்ந்து மருமகள் வரும்போது அதிகாரம் கிடைக்கும் என்பதே அந்தப் பேரம். வாப்பும்மா தன் மாமியின் கீழ் பதினெட்டு வருடம் இருந்தவர். அந்த மாமி கறித்தூள் போத்தலைத் தன் அறையில் வைத்து, ஒவ்வொரு வேளைக்கும் அளந்து கொடுப்பாராம். அப்படிக் காத்திருந்து கிடைத்த உப்புச் சட்டியை அவர் இலேசாக விட்டுக்கொடுப்பாரா?

இந்தப் பேரம் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி இல்லை என்பதற்கு நமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. கிழக்கு மாகாண முஸ்லிம்களிடையே மகளுக்கே வீடு கொடுப்பது வழக்கம். கணவர் மனைவி வீட்டுக்கு வந்து வாழ்வார். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் மெக்கில்வ்ரே, 2008 இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே ஒரு பெண் மாமியின் அடுப்படிக்குள் நுழைய வேண்டியதில்லை. அவள் சமைப்பது தாயின் அடுப்பில் அல்லது தன் சொந்த அடுப்பில். அங்கே பிணக்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வீட்டைக் கட்டிக்கொடுக்கும் பாரம் பெற்றோருக்குப் பெரியது. ஆனால் மாமி கெட்டவர், மருமகள் நல்லவர் என்று ஆட்களை வைத்துப் பேசுவதை விட, யாருடைய குசினிக்குள் யார் போகிறார் என்று பார்ப்பது அதிகம் விளக்குகிறது.

கஞ்சி கரித்த மறுநாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பகல் இரண்டு மணியளவில் வாப்பும்மா உப்புச் சட்டியை எடுத்து உம்மாவின் திருவலைப் பக்கத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “இனிக் கஞ்சி உம்மாட கை. நான் வடையப் பாக்கிறன்” என்றார். அப்போதும் செய்தி என் வழியாகத்தான் போனது. உம்மா, “சரி மாமி” என்று அவரிடமே நேரே சொன்னார்.

இது ஏன் பலித்தது என்றால், வேலையை அவர்கள் வேறுவிதமாகப் பிரித்தார்கள். முன்பு ஒரே சட்டியில் ஒருவர் உழைப்பு, ஒருவர் முடிவு. இப்போது கஞ்சி முழுவதும் ஒருவருடையது. வடை முழுவதும் மற்றவருடையது. ஒவ்வொரு சட்டிக்கும் உப்பு ஒரே கையால் விழுந்தது. பருப்பு அரைப்பதும் எண்ணெயில் நிற்பதும் வாப்பும்மாவுக்குக் கஷ்டந்தான். எடுபிடிக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. அரிசி மூட்டையும் சாமான் வாங்கும் காசும் கடைசிவரை வாப்பும்மாவிடமே இருந்தன. அத்துடன் உப்புச் சட்டியை நகர்த்தியது அவர். உம்மா தானாக எடுத்திருக்க முடியாது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் கேஸ் மீண்டும் சீராகக் கிடைத்தபோது திரும்பிப் போக உம்மாவுக்கு ஒரு மேல்வீட்டுக் குசினி இருந்தது. அப்படி ஒன்று இல்லாத மருமகளுக்கு இந்த வழி எவ்வளவு தூரம் உதவும் என்பது, உப்புச் சட்டி யார் கையில் இருக்கிறதோ அவரைப் பொறுத்தது.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து வாசித்துக்காட்டினேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடுவதாகவும் சொன்னேன். வாப்பும்மா கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். கோப்பை அலசியதைப் பற்றியோ மூடியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

“வெந்தயம் ஒரு கரண்டி எண்டு எழுதியிருக்கிறீங்க. அரைக் கரண்டிதான்” என்றார்.

“ஒரு கரண்டிதான் மாமி” என்றார் உம்மா.